திட்டத்தில் சரக்கு இருக்கிறது, குடோனில் இல்லை: மாதவாரி உற்பத்திக் கணக்கில் பிழை தேடுவது எப்படி

கோவைப் பக்கம் டேபிள்-டாப் கிரைண்டர் பூட்டி விற்கும் சின்னப் பட்டறை ஒன்றுக்கு ஆறு மாத உற்பத்தித் திட்டம் போட்டுக் கொடுத்தேன். எந்த மாதம் எத்தனை செய்வது, எத்தனையை முன்கூட்டியே செய்து அடுக்கி வைப்பது, ஓவர்டைம் எப்போது ஓட்டுவது என்பதுதான் கேள்வி. பாடமாகப் படித்தால் ஒரு பக்கத்தில் முடிகிற விஷயம். உட்கார்ந்து போட்டால் கணக்கைத் தீர்க்கும் மென்பொருளான சால்வர் ஒன்று முறைத்துக்கொண்டு நிற்கும், இல்லாவிட்டால் சிரித்த முகத்தோடு தப்பான பதிலைக் கொடுக்கும். அதில் நான் மாட்டிக்கொண்ட இடங்களையும் பிறகு மற்றவர்கள் ஷீட்டில் பார்த்த இடங்களையும், திரையில் என்ன தெரிகிறது என்பதை வைத்து எழுதுகிறேன். எண்களைக் கையால் சரிபார்க்க வசதியாக முழு எண்களாக்கியிருக்கிறேன்.

முதலில் கணக்கு. மே மாதக் கடைசியில் கையில் 100 கிரைண்டர் இருக்கிறது. ஜூன் முதல் நவம்பர் வரை தேவை 300, 350, 500, 700, 900, 400. தீபாவளியால் அக்டோபர் வீங்கியிருப்பதைப் பாருங்கள். சாதாரண ஷிப்டில் மாதம் 500 செய்யலாம், ஒன்றுக்கு ₹2,400 ஆகும். ஓவர்டைமில் கூடுதலாக 100 வரை செய்யலாம், ஒன்றுக்கு ₹2,550. செய்த கிரைண்டர் ஒன்று ஒரு மாதம் குடோனில் தூங்கினால் ₹40 செலவு. நவம்பர் கடைசியில் 50 மிச்சம் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முதுகெலும்பு ஒரே ஒரு வரிதான். முந்தைய மாத இருப்பு, அதோடு இந்த மாத உற்பத்தி, அதிலிருந்து இந்த மாதத் தேவையைக் கழித்தால் இந்த மாதக் கடைசி இருப்பு. இதைத்தான் இருப்புச் சமன்பாடு என்கிறோம். பைத்தானில் PuLP என்ற நூலகத்தை வைத்து எழுதினால் இவ்வளவுதான் வரும்:

```python
from pulp import *
m = ["jun", "jul", "aug", "sep", "oct", "nov"]
d = dict(zip(m, [300, 350, 500, 700, 900, 400]))
x = LpVariable.dicts("reg", m, 0, 500)
y = LpVariable.dicts("ot", m, 0, 100)
s = LpVariable.dicts("stk", m, 0)
p = LpProblem("plan", LpMinimize)
p += lpSum(2400*x[t] + 2550*y[t] + 40*s[t] for t in m)
prev = 100
for t in m:
    p += prev + x[t] + y[t] == d[t] + s[t], "bal_" + t
    prev = s[t]
p += s["nov"] == 50
p.solve()
```

சரியான பதில் இப்படி வரும். கீழே ஒவ்வொரு கோளாறையும் இதோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

| மாதம் | தேவை | சாதாரண ஷிப்ட் | ஓவர்டைம் | கடைசி இருப்பு |
|---|---|---|---|---|
| ஜூன் | 300 | 500 | 0 | 300 |
| ஜூலை | 350 | 500 | 0 | 450 |
| ஆகஸ்ட் | 500 | 500 | 0 | 450 |
| செப்டம்பர் | 700 | 500 | 50 | 300 |
| அக்டோபர் | 900 | 500 | 100 | 0 |
| நவம்பர் | 400 | 450 | 0 | 50 |

மொத்தச் செலவு ₹75,24,500. அதில் சரக்கைத் தூங்க வைத்த செலவு ₹62,000.

அறிகுறி: "Infeasible" என்கிறது, ஆனால் மொத்தக் கணக்கு சரியாக இருக்கிறது

எக்ஸெல் என்றால் "Solver could not find a feasible solution." என்று வரும், அதாவது எல்லாக் கட்டுப்பாட்டுக்கும் பொருந்தும் திட்டமே இல்லை என்று. உடனே எல்லாரும் செய்வது மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பது. ஆறு மாதத்தில் 3,600 செய்யலாம், தேவை 3,150தானே, அப்புறம் என்ன என்று தலையைச் சொறிவது. மொத்தம் எதையும் சொல்லாது. நவம்பரில் சும்மா கிடக்கும் மெஷின் அக்டோபர் ஆர்டருக்கு உதவாது.

இதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும். கடைசி மாதத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் குறைந்தபட்சம் எவ்வளவு இருப்பு இருந்தே ஆக வேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த மாதத் தேவையையும் அடுத்த மாதக் கடைசியில் இருந்தாக வேண்டிய இருப்பையும் கூட்டி, அதிலிருந்து அடுத்த மாதம் அதிகபட்சம் செய்யக்கூடிய 600ஐக் கழியுங்கள். மைனஸ் வந்தால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் கடைசிக்கு 50 வேண்டும். நவம்பரில் 400உம் 50உம் சேர்ந்து 450, அதை அந்த மாதமே செய்துவிடலாம், எனவே அக்டோபர் கடைசியில் எதுவும் தேவையில்லை. அக்டோபரில் 900 வேண்டும், 600தான் முடியும், ஆக செப்டம்பர் கடைசியில் 300 இருந்தாக வேண்டும். செப்டம்பரில் 700உம் அந்த 300உம் சேர்ந்து 1,000, அதில் 600 போக ஆகஸ்ட் கடைசியில் 400. இதே போல ஜூலை கடைசியில் 300, ஜூன் கடைசியில் 50, மே கடைசியில் பூஜ்யம். கையில் 100 இருக்கிறது. ஆகவே இந்தக் கணக்குக்குத் தீர்வு உண்டு.

இப்போது குடோனில் 350தான் அடுக்க முடியும் என்று ஒரு கட்டுப்பாடு சேர்த்திருந்தால்? அக்டோபரை மட்டும் பார்த்தவர் "300தானே வேண்டும், 350 தாங்குமே" என்பார். ஆனால் இறுகுவது ஆகஸ்ட் கடைசியில், அங்கே 400 வேண்டும். சால்வர் Infeasible என்று மட்டும் சொல்லும், ஆகஸ்ட் என்று சொல்லாது. பின்னோக்கி வந்தால் ஐந்து நிமிடத்தில் தெரியும். 50 கிரைண்டர் வைக்க வேறு இடம் பிடிப்பதா, செப்டம்பர் ஆர்டரில் 50ஐ விடுவதா என்று முதலாளியிடம் கேட்கவும் முடியும்.

சரி, தாளில் தீர்வு உண்டு, சால்வரில் மட்டும் இல்லை என்றால் தப்பு தட்டச்சில் இருக்கிறது. மேலே உள்ள கோடில் `prev = s[t]` என்ற வரியை விட்டுவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் 100 கிரைண்டரோடு புதிதாக ஆரம்பிக்கும், முந்தைய மாதம் செய்து வைத்தது காற்றில் போய்விடும். செப்டம்பர் வரை பிரச்சினை தெரியாது, ஏனென்றால் 100உம் 600உம் சேர்ந்து சரியாக 700. அக்டோபரில் 900க்கு வழியில்லாமல் விழும். எக்ஸெலில் இதன் அண்ணன், ஆரம்ப இருப்பு செல்லை `$B$2` என்று டாலர் போட்டுப் பூட்டிவிட்டு வலப்பக்கம் இழுப்பது. இழுத்த எல்லா மாதமும் அதே 100ஐத்தான் பார்க்கும்.

அறிகுறி: செலவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, எங்கோ ஒரு இருப்பு மைனஸ்

இது ஆபத்தானது, ஏனென்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மேலே உள்ள கணக்கில் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்பதை மட்டும் எடுத்துவிட்டால் மொத்தச் செலவு ₹75,08,000 என்று வரும், ₹16,500 மிச்சம். "பார்த்தீர்களா, நல்ல பிளான் கிடைத்துவிட்டது" என்று நானே ஒரு முறை சொல்லியிருக்கிறேன். அக்டோபர் கடைசி இருப்பைப் பார்த்தால் மைனஸ் 150. அதாவது தீபாவளிக்கு 150 டீலர் பெட்டிகள் போகவே இல்லை, நவம்பரில் செய்து கொடுப்பதாக மாடல் தானே முடிவு செய்துவிட்டது. அதுவும் போதாதென்று, மைனஸ் இருப்பை ₹40ஆல் பெருக்கினால் செலவு மைனஸாகும், ஆகவே சரக்கு கொடுக்காமல் இருப்பதற்கு மாடலுக்குப் பரிசும் கிடைக்கிறது.

PuLPஇல் இது எப்படி நுழைகிறது என்றால், மாறிக்குக் கீழ் எல்லை கொடுக்காவிட்டால் அது மைனஸும் போகலாம் என்றே எடுத்துக்கொள்ளும். `LpVariable.dicts("stk", m, 0)` என்பதில் கடைசியில் இருக்கும் அந்த `0`தான் காவல். எக்ஸெலில் விஷயம் இன்னும் நுணுக்கம். "Make Unconstrained Variables Non-Negative" என்ற பெட்டியில் டிக் போட்டிருக்கிறேனே என்பார்கள். அந்த டிக் மாற்றும் செல்களுக்கு மட்டும்தான். பெரும்பாலும் நாம் உற்பத்தியை மட்டும் மாற்றும் செல்லாக வைத்து, இருப்பை ஃபார்முலாவாக எழுதுவோம். ஃபார்முலா செல்லுக்கு அந்த டிக் பொருந்தாது. இருப்பு வரிசை முழுவதும் `>= 0` என்று தனியாக ஒரு கட்டுப்பாடு சேர்க்க வேண்டும். நான் பார்த்த எக்ஸெல் ஷீட்டுகளில் அதிகம் விடுபட்டிருப்பது இதுதான்.

தாமதமாகக் கொடுப்பது உங்கள் தொழிலில் நிஜமாகவே நடக்கும் என்றால், இருப்பை மைனஸ் போக விடுவது அதற்கு வழியில்லை. கையிருப்பு ஒரு மாறி, பாக்கி ஆர்டர் இன்னொரு மாறி என்று பிரித்து, பாக்கிக்கு ஒரு அபராதம் வையுங்கள். இந்தக் கணக்கில் அபராதம் மாதத்துக்கு ₹190க்குக் கீழே இருந்தால் மாடல் அக்டோபர் ஆர்டரை நவம்பருக்குத் தள்ள ஆரம்பிக்கும், அதற்கு மேல் போனால் தள்ளாது. இந்த 190 எங்கிருந்து வந்தது என்பது கடைசிப் பகுதியில் தெரியும். தீபாவளி கிரைண்டருக்கு அபராதம் ₹190 என்று எந்த டீலர் முகத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது, அந்த விற்பனை போனது போனதுதான்.

அறிகுறி: உற்பத்தி எல்லா மாதமும் பூஜ்யம், அல்லது சந்தேகமாகக் குறைவு

ஆரம்ப இருப்பைக் கட்டிப்போட மறந்திருக்கிறீர்கள். மே மாதத்துக்கும் ஒரு இருப்பு மாறி வைத்துவிட்டு, அது 100 என்று எழுதாமல் விட்டால், சால்வர் "மே கடைசியில் 3,200 கிரைண்டர் சும்மா கிடந்தது" என்று வைத்துக்கொண்டு ஆறு மாதமும் அதையே விற்கும். ஓசியில் வந்த சரக்குக்குக் குடோன் செலவு மட்டும் ₹3,74,000 ஆகும். செய்யும் செலவோடு ஒப்பிட்டால் அது எதுவுமில்லை.

இதைப் பிடிக்க, பதில் வந்தவுடன் ஒரு கூட்டல் போடுங்கள். ஆரம்ப இருப்பு 100, அதோடு மொத்த உற்பத்தி 3,100, அதிலிருந்து மொத்தத் தேவை 3,150ஐக் கழித்தால் மிச்சம் 50. அது கடைசி இருப்போடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் எங்கோ சரக்கு முளைக்கிறது அல்லது ஆவியாகிறது. சமன்பாட்டில் ஒரு கூட்டல் குறி கழித்தலாக மாறியிருந்தாலும் இதிலேயே அகப்பட்டுவிடும்.

அறிகுறி: ஜூனில் ஆட்கள் சும்மா இருக்கிறார்கள், ஜூலையிலேயே ஓவர்டைம் ஓடுகிறது

இருப்பு வைக்கும் செலவில் கை வையுங்கள். பட்டறை முதலாளி வட்டி 18 சதவீதம் என்றார். ₹2,400க்கு 18 சதவீதம் ₹432. அது வருடத்துக்கு. மாதத்துக்கு ₹36, குடோன் வாடகையில் ஒரு பங்கு ₹4 சேர்த்தால் ₹40. இந்தப் பன்னிரண்டால் வகுக்கும் வேலையை மறந்து ₹432ஐ மாதச் செலவாகப் போட்டுவிட்டால், மாடலுக்குச் சரக்கு என்றாலே பயம் வந்துவிடும். அடுக்கி வைப்பதைத் தவிர்க்க என்ன விலையும் கொடுக்கும். ஜூனில் 250 மட்டும் செய்துவிட்டு, ஜூலை முதல் அக்டோபர் வரை நான்கு மாதமும் 600 என்று ஓவர்டைம் முழுசாக ஓட்டும். ஒவ்வொரு மாத இருப்பும் நாம் பின்னோக்கிக் கண்டுபிடித்த குறைந்தபட்ச இருப்பாகவே இருக்கும்: 50, 300, 400, 300, 0. எண்கள் அப்படியே ஒத்துப்போனால் இருப்புச் செலவை எங்கோ ஊதிவிட்டிருக்கிறீர்கள் என்று முதலில் சந்தேகப்படலாம்.

அந்தத் திட்டத்தை நிஜமான ₹40ஐ வைத்துக் கணக்குப் போட்டால் ₹75,44,000 வருகிறது, ₹19,500 தண்டம். பெரிய தொகை இல்லை என்று தோன்றலாம். ஆனால் ஜூனில் பாதி நாள் ஆட்களைச் சும்மா உட்கார வைத்துவிட்டு நான்கு மாதம் இரவு வேலை வாங்கினால் பட்டறையில் என்ன பேச்சு வரும் என்பதை எந்த ஷீட்டும் காட்டாது.

மனதில் வைத்துக்கொள்ள ஒரு வகுத்தல் இருக்கிறது. ஓவர்டைமால் ஒரு கிரைண்டருக்குக் கூடுவது ₹150. இருப்பு வைக்க மாதம் ₹40. 150ஐ 40ஆல் வகுத்தால் 3.75. அதாவது மூன்று மாதம் முன்னாலேயே சாதாரண ஷிப்டில் செய்து வைப்பது, தேவைப்படும் மாதத்தில் ஓவர்டைமில் செய்வதைவிட மலிவு, நான்கு மாதம் என்றால் மலிவில்லை. ஜூலையில் செய்து அக்டோபருக்கு வைத்தால் ₹120, சரி. ஜூனில் செய்து அக்டோபருக்கு என்றால் ₹160. அதனால்தான் நம் பதிலில் அக்டோபர் ஓவர்டைம் முழுசாக ஓடுகிறது, செப்டம்பரில் பாதிதான். உங்கள் திட்டம் இந்த 3.75க்கு ஒத்துவராத மாதிரி நடந்துகொண்டால் செலவு எண்களைத் திரும்பப் பாருங்கள்.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. இருப்புச் செலவைப் பூஜ்யமாக விட்டால், எந்த மாதம் செய்தாலும் ஒரே செலவு என்பதால் ஒரே கணக்குக்கு எத்தனையோ பதில்கள் இருக்கும். சால்வரை மாற்றினால், சில நேரம் வரிசையை மாற்றினாலே, வேறு திட்டம் வரும், மொத்தச் செலவு மட்டும் மாறாது. அப்படி நடந்தால் சால்வரைத் திட்டாதீர்கள்.

இன்னொரு சண்டையும் அடிக்கடி வரும். செலவை மாதக் கடைசி இருப்பின் மேல் போடுவதா, மாத ஆரம்பமும் கடைசியும் சேர்த்த சராசரி மேலா என்று. ஆரம்ப இருப்பும் கடைசி இருப்பும் நிலையாகக் கொடுக்கப்பட்டிருந்தால் திட்டம் மாறவே மாறாது. செலவு ₹62,000க்குப் பதில் ₹63,000 என்று காட்டும், அவ்வளவுதான். கணக்குப் பிள்ளை எதைக் கேட்கிறாரோ அதைப் போட்டுக்கொடுங்கள்.

அறிகுறி: கடைசி மாதத்தில் மட்டும் உற்பத்தி சரிகிறது, இருப்பு துடைத்தெடுத்த மாதிரி பூஜ்யம்

நவம்பர் கடைசியில் 50 என்ற வரியை எழுதாவிட்டால் நவம்பரில் 400 மட்டும் செய்துவிட்டு மாடல் கடையை மூடிவிடும். அதன் உலகம் நவம்பரோடு முடிகிறது, டிசம்பர் என்று ஒன்று வருவதே அதற்குத் தெரியாது. ஆகவே கடைசி இருப்பு எழுதியே ஆக வேண்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி, பெரும்பாலும் "போன வருஷம் வைத்தது" என்று ஒரு எண்ணைத் தட்டிவிடுகிறார்கள்.

அதே பின்னோக்கிய கணக்கைத் தொடர்ந்து போடலாம். டிசம்பரில் 450, பொங்கல் வரும் ஜனவரியில் 650 என்று வைத்துக்கொள்வோம். இங்கே 600க்குப் பதில் சாதாரண ஷிப்டின் 500ஐக் கழியுங்கள், ஏனென்றால் இப்போது பார்ப்பது முடியுமா என்பதை விட்டுவிட்டு மலிவாக முடியுமா என்பது. ஜனவரிக்கு 150 குறைகிறது, ஆக டிசம்பர் கடைசியில் 150. டிசம்பரில் 450உம் 150உம் சேர்ந்து 600, 500 போக நவம்பர் கடைசியில் 100. நவம்பரில் செய்து ஜனவரிக்கு வைக்க ₹80தான், ஓவர்டைமின் ₹150ஐவிட மலிவு. ஆகவே 50 என்ற எண்ணே குறைச்சல், 100 என்று இருந்திருக்க வேண்டும். நவம்பரில் சாதாரண ஷிப்ட் முழுசாக 500 ஓடினால் அது கிடைத்துவிடும்.

இதைவிட நல்லது, எட்டு மாதத்துக்குப் போட்டு முதல் மாதத்தை மட்டும் நடத்துவது. மாதம் முடிந்ததும் நிஜ இருப்பை ஆரம்ப எண்ணாகப் போட்டு மறுபடி ஓட்டுவது. இதில் ஒரு எச்சரிக்கை, ஆரம்ப எண்ணை முந்தைய திட்டத்திலிருந்து எடுக்காதீர்கள், குடோனில் போய் எண்ணிவிட்டு எழுதுங்கள்.

அறிகுறி: ஷீட்டில் எல்லாம் பச்சை, பட்டறையில் சரக்கு இல்லை

நான் வெட்கப்பட்ட இடம் இது. அக்டோபர் இரண்டாவது வாரத்தில் போன் வந்தது. "கணக்குல இருக்குதுங்க, குடோன்ல இல்லீங்களே" என்றார் முதலாளி. சமன்பாடு சரி, செலவு சரி, மைனஸ் எங்கும் இல்லை. தப்பு மாதம் என்ற அளவிலேயே இருந்தது.

மாதக் கணக்கில் அக்டோபர் 1ஆம் தேதி செய்ததும் 31ஆம் தேதி செய்ததும் ஒன்றுதான், இரண்டும் அந்த மாதத் தேவையைத் தீர்க்கும். 2025இல் தீபாவளி அக்டோபர் 20. டீலருக்குச் சரக்கு அதற்கு முன்னால் கடைக்குப் போயிருக்க வேண்டும். அக்டோபரின் 900இல் 750 முதல் பதினைந்து நாளிலேயே கேட்கப்பட்டால், அந்தப் பாதி மாதத்தில் ஓவர்டைமோடு சேர்த்து 300தான் செய்ய முடியும். செப்டம்பரிலிருந்து வந்த 300ஐயும் சேர்த்தால் 600. 150 பெட்டி குறைவு. மாதக் கடைசியில் பார்த்தால் 900உம் செய்து முடித்திருப்போம், வாங்க ஆள் இருக்காது.

மருந்து, எல்லா மாதத்தையும் வாரமாக உடைப்பது கிடையாது, அது வீண் வேலை. தேவை ஒரு பக்கமாகக் குவிகிற மாதத்தை மட்டும் இரண்டாக உடையுங்கள். அக்டோபர் முன்பாதிக்குத் தேவை 750, சாதாரண ஷிப்ட் 250, ஓவர்டைம் 50. பின்பாதிக்குத் தேவை 150, மற்றவை அதேதான். இருப்புச் செலவையும் அந்தப் பாதிகளுக்கு ₹20 என்று பாதியாக்க வேண்டும். அதை மறந்தால் முந்தைய கோளாறு இன்னொரு வாசல் வழியாக வரும்.

இப்போது பின்னோக்கி வந்தால் செப்டம்பர் கடைசியில் 450, ஆகஸ்ட் கடைசியில் 550, ஜூலை கடைசியில் 450 இருந்தாக வேண்டும். சால்வர் தரும் திட்டத்தில் ஜூன், ஜூலை அதே 500தான், ஆகஸ்டும் செப்டம்பரும் 600 ஆகின்றன, அக்டோபர் முன்பாதி 300, பின்பாதி 150, நவம்பர் 450. ஓவர்டைம் 150இலிருந்து 250 ஆகிவிட்டது, மொத்தச் செலவு ₹75,49,500. முதல் திட்டத்தைவிட ₹25,000 கூடுதல். அந்த ₹25,000 முதலிலேயே இருந்த செலவுதான், மாதம் என்ற பெரிய பெட்டிக்குள் மறைந்துகிடந்தது. அதோடு குடோனில் 550 வைக்க இடம் இருக்கிறதா என்ற புதுக் கேள்வியும் வந்துவிட்டது.

இதோடு சேர்ந்த இன்னொன்று, போன வருடத்து மாதத் தேவையை அப்படியே காப்பி செய்வது. தீபாவளி 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. செப்டம்பரில் கேட்ட சரக்கை அடுத்த வருடம் அக்டோபரில் கேட்பார்கள். பழைய விற்பனையை மாதப் பெயரை வைத்துப் பார்க்காமல், தீபாவளிக்கு எத்தனை வாரம் முன்னால் என்று வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு மாதங்களில் போட்டு நிரப்புங்கள்.

பதில் சரிதானா என்று எனக்கே சந்தேகம்

இதற்கு நிழல் விலையைப் பாருங்கள். ஒரு மாதத் தேவை ஒன்று கூடினால் மொத்தச் செலவு எவ்வளவு கூடும் என்பதுதான் அது. எக்ஸெலில் Simplex LP தேர்ந்தெடுத்து ஓட்டினால் Sensitivity அறிக்கையில் Shadow Price என்று வரும். இருப்பு ஃபார்முலாவாக இருந்தால் ஷீட்டில் சமன்பாடு ஒரு கட்டுப்பாடாக இருக்காது, ஆகவே இந்த எண்கள் நேராகக் கிடைக்காது. அப்போது ஒரு மாதத் தேவையில் ஒன்றைக் கூட்டி மறுபடி ஓட்டி வித்தியாசத்தைப் பார்த்தாலே போதும். PuLPஇல் `p.constraints["bal_oct"].pi` என்று கேட்கலாம்.

மாதத்தை உடைக்காத முதல் கணக்குக்கு ஜூன் முதல் வரிசையாக 2,430, 2,470, 2,510, 2,550, 2,590 என்று வந்து, நவம்பரில் 2,400க்கு விழும். ஜூன் முதல் அக்டோபர் வரை ஒவ்வொரு படியும் சரியாக ₹40. மாதக் கடைசியில் இருப்பு இருக்கும்வரை அடுத்த மாதத்து விலை இந்த மாதத்து விலையைவிட இருப்புச் செலவு அளவுக்குத்தான் கூடியிருக்கும், ஏனென்றால் இரண்டு மாதத்துக்கும் ஒரே சரக்குதான் போகிறது. இருப்பு பூஜ்யமாகும் இடத்தில், இங்கே அக்டோபர் கடைசியில், சங்கிலி அறுந்து விலை தன் போக்கில் போகும். இருப்பு இருக்கும் மாதத்தில் படி ₹40ஆக இல்லாவிட்டால் அந்தச் சமன்பாட்டிலோ செலவு எண்ணிலோ எழுத்துப் பிழை இருக்கிறது, வேறு ஏதாவது கட்டுப்பாடு, உதாரணமாகக் குடோன் எல்லை, அந்த மாதத்தில் இறுகியிருக்கவும் வாய்ப்புண்டு. மேலே சொன்ன ₹190உம் இதுதான், அக்டோபரின் 2,590க்கும் நவம்பரின் 2,400க்கும் உள்ள வித்தியாசம்.

பட்டறைக்காரர் ஜூனிலேயே ஒரு கேள்வி கேட்டார். ஈரோட்டு டீலர் ஒருவர் அக்டோபருக்குக் கூடுதலாக 40 பெட்டி கேட்கிறார், பட்டறை அடக்க விலை ₹2,450 என்று சொல்லி அதன் மேல் ஐந்து சதவீதம் வைக்கலாமா என்று. அக்டோபரில் கூடும் ஒரு கிரைண்டர் செப்டம்பர் ஓவர்டைமில் செய்து ஒரு மாதம் வைத்த கிரைண்டர், ₹2,550உம் ₹40உம் சேர்ந்து ₹2,590. அவர் சொல்ல நினைத்த விலை ₹2,572.50. ஒவ்வொரு பெட்டிக்கும் பதினேழரை ரூபாய் கையை விட்டுப் போயிருக்கும். செப்டம்பர் ஓவர்டைமில் இன்னும் 50 பாக்கி இருந்ததால் அந்த 40 முழுவதற்கும் ₹2,590 பொருந்தும். 50ஐத் தாண்டிக் கேட்டிருந்தால் ஆகஸ்ட் ஓவர்டைமுக்குப் போக வேண்டும், அங்கே ஒன்றுக்கு ₹2,630.